ராத்திரி 2 மணிக்கு எந்தத் தேதி? காவலர் நோட்டை சைட் ரிஜிஸ்டரில் ஏற்றுவது பற்றி

அடிவாரத்து சூப்பர்வைசர் · 12-01-2025, 21:14

வணக்கம். சேலத்தில் ஒரு சின்ன செக்யூரிட்டி ஏஜென்சியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் குடோனும் அதை ஒட்டிய காயவைக்கும் களமும் எங்கள் பொறுப்பு. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், எட்டுக்கு எட்டு. சைட் ரிஜிஸ்டர் இருக்கிறது. ஆனால் இரவுக்காரர் அதில் "டூட்டி ஓகே" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார், நடந்ததையெல்லாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் குட்டி நோட்டில்தான் எழுதுகிறார். அவருக்கு அதுதான் வசதி.

10-ம் தேதி வெள்ளிக்கிழமை சரக்கு எண்ணியபோது பார்ச்மென்ட் காபியில் 2 மூட்டை குறைந்தது. அந்த வாரம் முழுவதையும் தேதிவாரியாகத் தெளிவாக ரிஜிஸ்டரில் ஏற்றிக் கொடுங்கள் என்கிறார் எஸ்டேட் முதலாளி. காவலர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார், 17 அன்றுதான் வருவார், போனும் சரியாக எடுப்பதில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. செவ்வாய் இரவுக்கு அதில் இருப்பது இதுதான், எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

> செவ்வா நைட். பகல் ஆளு லேட்டா கெளம்புனாரு. சாவி 3. கரண்டு போச்சு வந்துச்சு. 2 மணி போல நாய் கத்துச்சு, களத்துப் பக்கம் போய் பாத்தேன் ஒண்ணும் இல்ல, மாடு போயிருக்கும். பின் கேட்டு பூட்டு தொங்குது, பூட்டிட்டேன். டிரைவர் அண்ணன் சொன்னாரு நேத்தே அப்படித்தான் இருந்துச்சாம். காலைல வெள்ளை டெம்போ வந்துட்டு போச்சு. லோடு ஏத்தல.

நான் மாற்றி எழுதியது:

> 07-01-2025: பகல் காவலர் தாமதமாகச் சென்றார். சாவிகள் 3 பெறப்பட்டன. மின்தடை ஏற்பட்டுச் சீரானது. அதிகாலை 2 மணிக்கு நாய் குரைத்ததால் களத்தைச் சோதித்ததில் கால்நடை சென்றது தெரியவந்தது. பின் கேட் பூட்டப்படாமல் இருந்தது கண்டறியப்பட்டுப் பூட்டப்பட்டது. முந்தைய நாளும் அவ்வாறே இருந்தது. காலையில் வெள்ளை டெம்போ வந்து சென்றது. லோடு ஏற்றப்படவில்லை.

இது போதுமா? இன்னும் ஆறு இரவுகள் இருக்கின்றன. இது சரியாக வந்தால் மற்றதையும் இதே மாதிரி எழுதிவிடுவேன்.

கொண்டலாம்பட்டி · 12-01-2025, 21:40

நன்றாக இருக்கிறது. இரண்டு மாற்றம் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பத்தியாக எழுதாமல் ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி, வரிக்கு முன்னால் நேரம், அதுவும் 24 மணிக் கணக்கில். "2 மணி" என்றால் பகலா இரவா என்று கேள்வி வராது. தேதியை மாற்ற வேண்டாம். நைட் டூட்டி எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதியிலேயே காலை எட்டு வரை போகட்டும். எங்கள் மில்லில் இருபது வருடமாக அப்படித்தான்.

"டூட்டி ஓகே" என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். ஒரே இரவுக்கு இரண்டு மாதிரி பதிவு இருந்தால் அசிங்கம்.

அஸ்தம்பட்டி அபார்ட்மென்ட் செயலாளர் · 12-01-2025, 22:05

எங்களுக்கும் இதே தொல்லை. விசிட்டர் நோட்டில் பெயர் இருக்கும், எந்த வீட்டுக்கு வந்தார் என்று இருக்காது, போன நேரம் இருக்கவே இருக்காது. கட்டம் போட்டு அச்சடித்துக் கொடுத்தேன், "வெளியே சென்ற நேரம்" கட்டத்தில் காலையில் உட்கார்ந்து எல்லாருக்கும் 9:00 என்று நிரப்பி வைத்திருக்கிறார். இவர்களை எப்படிப் பழக்குவது?

முன்னாள் ஹவில்தார் · 12-01-2025, 22:58

செயலாளர் சார், உங்களுடையது வருகைப் பதிவு, அது வேறு சங்கதி. இங்கே கேட்பது நிகழ்வுப் பதிவு. ஆனாலும் உங்கள் 9:00 இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்தான் வருகிறது. தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் "தெரியாது" என்ற உண்மையாவது மிஞ்சியிருக்கும்.

தம்பி சூப்பர்வைசர், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரிஜிஸ்டர் பக்க எண் போட்டுத் தைத்ததாக இருந்தால் ஒரு தாள் குறைவது எண்ணைப் பார்த்தாலே தெரியும். 2 மூட்டை குறைந்த வாரத்தில் ஒரு தாளும் குறைந்தால், மூட்டையை விட்டுவிட்டுத் தாளைத்தான் தேடுவார்கள். "டூட்டி ஓகே" இருந்தபடி இருக்கட்டும். நீங்கள் எழுதப்போவது தாமதப் பதிவு. ரிஜிஸ்டர் இன்று எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அங்கே, இன்றைய தேதி போட்டு, "காவலரின் கைநோட்டைப் பார்த்து எழுதிய தாமதப் பதிவு" என்று தலைப்பு வைத்து எழுதுங்கள். பழைய வரிகளுக்கு நடுவில் நுழைக்க வேண்டாம். பழைய பக்கத்து ஓரத்தில் "பக்கம் இத்தனையில் தாமதப் பதிவு பார்க்க" என்று சின்னதாகக் குறித்து, தேதியும் சுருக்கொப்பமும் போடலாம். எழுதும்போது தவறினால் ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. வெள்ளை மை கூடாது.

அடுத்து தேதி. கொண்டலாம்பட்டி நண்பர் சொல்வது மஸ்டர் ரோலுக்குச் சரி. சம்பளக் கணக்கில் நைட் ஷிப்ட் தொடங்கிய நாளில்தான் விழும். நிகழ்வுப் பதிவில் அப்படி வைத்தால் "07-01-2025, 02:00" என்று வரும். அது திங்கள் இரவு விடிந்த செவ்வாய் அதிகாலை. இவர் நாய் சத்தம் கேட்டது செவ்வாய் இரவு போய் வந்த புதன் அதிகாலை, அதாவது 08-01-2025, 02:00. இருபத்து நாலு மணி நேரம் தள்ளிப்போகிறது. உங்கள் வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராவது கேமரா பதிவைத் தேடினால் வேறொரு இரவைப் பார்த்துவிட்டு "நாயும் இல்லை, ஆளும் இல்லை, இவர் பொய் சொல்கிறார்" என்பார்கள். இரவு 12 மணிக்கு ரிஜிஸ்டரில் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே புதுத் தேதியும் கிழமையும் எழுதச் சொல்லுங்கள். கிழமையைக் கட்டாயம் எழுத வேண்டும். தேதி தவறினாலும் கிழமை காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் நோட்டில் மூன்று வகைச் செய்தி இருக்கிறது: கண்ணால் பார்த்தது, மற்றவர் சொல்லிக் கேட்டது, தானே ஊகித்தது. அவர் பேச்சு மொழியில் மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. "தொங்குது" பார்த்தது, "இருந்துச்சாம்" கேட்டது, "போயிருக்கும்" ஊகம். நீங்கள் எழுதியதில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. "மாடு போயிருக்கும்" என்றவர் வாயில் "கால்நடை சென்றது தெரியவந்தது" என்று வைத்துவிட்டீர்கள். தெரியவரவே இல்லை தம்பி, அவர் ஒன்றுமே பார்க்கவில்லை. "முந்தைய நாளும் அவ்வாறே இருந்தது" என்பதில் டிரைவர் காணாமல் போய்விட்டார். இப்போது அது காவலர் நேரில் பார்த்த மாதிரி நிற்கிறது. முந்தின நாளே பார்த்தவர் ஏன் சொல்லவில்லை என்று அவரைத்தானே கேட்பார்கள்?

எஸ்டேட் ரைட்டர் · 13-01-2025, 06:32

ஹவில்தார் ஐயா சொன்னதோடு ஒன்று. மலையில் ராத்திரி "மாடு" என்றால் பெரும்பாலும் காட்டுமாடுதான், அதாவது காட்டெருமை. காபித் தோட்டத்துக்குள் சாதாரணமாக வரும். "கால்நடை" என்று எழுதினால் யாரோ வளர்க்கும் பசு மாடு, வேலி திறந்திருக்கிறது, மேய்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்றெல்லாம் அர்த்தம் போகும். அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை "மாடு" என்ற அவர் சொல்லை மேற்கோளில் அப்படியே வையுங்கள்.

களத்தில் மறுநாள் குளம்புத் தடம் இருந்ததா என்று பகல் ஆளிடமும் கேட்கலாம், ஆனால் அது பகல் ஆளின் பதிவாக அவர் பெயரில் போக வேண்டும்.

ராக்காவல் · 13-01-2025, 07:50

நான் பதினோரு வருடமாக நைட் டூட்டிதான். கருப்பூர் பக்கம் ஒரு கம்பெனி கேட். என் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"பூட்டு தொங்குது" என்றால் பூட்டு கொண்டியில் மாட்டியிருக்கிறது, ஆனால் அழுத்திப் பூட்டவில்லை என்று அர்த்தம். தூரத்தில் இருந்து டார்ச் அடித்தால் பூட்டின மாதிரிதான் தெரியும், கிட்டே போய் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் இழுத்துப் பார்த்திருக்கிறார். நீங்கள் "பூட்டப்படாமல் இருந்தது" என்று எழுதியதைப் படிக்கிற முதலாளி, கேட் விரியத் திறந்து கிடந்தது, இவன் 8 மணியில் இருந்து 2 மணி வரை கவனிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். எங்களுக்கு வேலை போவது இந்த மாதிரி ஒரு வார்த்தையில்தான்.

"பட்டது பட்டது" என்று எழுதாதீர்கள். "கண்டறியப்பட்டது" என்றால் யார் கண்டது? "பூட்டப்பட்டது" என்றால் யார் பூட்டியது? நாங்கள் "பூட்டிட்டேன்" என்று பொறுப்பெடுத்து எழுதுகிறோம், அதைப் படித்தவர்கள் மாற்றி ஆளில்லாமல் ஆக்கிவிடுகிறீர்கள்.

கொண்டலாம்பட்டி · 13-01-2025, 09:15

தேதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், மஸ்டரையும் இதையும் நான் ஒன்றாக நினைத்துவிட்டேன். ஆனால் முதலாளி கேட்டது தெளிவான பதிவு. எல்லா இடத்திலும் "போல", "என்றார்", "தெரியவில்லை" என்று போட்டால் அது தெளிவா? நோட்டையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாமே.

முன்னாள் ஹவில்தார் · 13-01-2025, 13:20

ஜெராக்ஸும் கொடுக்கத்தான் வேண்டும். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, பிரதியை ரிஜிஸ்டரோடு வையுங்கள், மூல நோட்டைத் தொலைக்காதீர்கள், அதில் பேனா வைக்காதீர்கள். ஆனால் அந்த நோட்டை அவரைத் தவிர யாராலும் நேர வரிசையில் படிக்க முடியாது. "சாவி 3" என்றால் நமக்கு என்ன புரிகிறது? மூன்று சாவியா, மூன்றாம் எண் சாவியா? "கரண்டு போச்சு" எத்தனை மணிக்கு? பூட்டைப் பார்த்தது நாய் குரைத்த அதே சுற்றிலா, தனிச் சுற்றிலா? படிக்கிறவன் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்க்க முடிந்தால் அது தெளிவு. "நேரம் நோட்டில் இல்லை" என்பதும் தெளிவான வரிதான்.

கோர்ட் பக்கம் · 13-01-2025, 20:44

சேலத்தில் ஜூனியராகப் பிராக்டிஸ் செய்கிறேன். முதலாளி புகார் கொடுக்கும் எண்ணத்தில் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

சாட்சி சொல்லும்போது ஒருவர், சம்பவம் நடந்தபோதோ உடனடியாகப் பின்போ தானே எழுதியதைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்திலும் இருக்கிறது. அந்தக் கைநோட்டு இதில் நேராக வருகிறது. உங்கள் மறுபதிவு வராது, அதை எழுதியவர் நீங்கள். மற்றவர் எழுதியதையும் அவர் பயன்படுத்தலாம், ஆனால் சம்பவம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே அவர் அதைப் படித்து, சரி என்று அறிந்திருக்க வேண்டும். அதனால் 17 அன்று அவர் வந்ததும் முதல் வேலை, உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கச் சிரமப்படுவார் என்றால் வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியதாகவும் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து வாங்கும் கையெழுத்துக்கு அந்தப் பலம் இருக்காது. சாட்சி பார்க்கும் காகிதத்தை எதிர்த்தரப்பும் கேட்டுப் பார்க்கலாம். அதனால் நோட்டில் இல்லாத ஒரு சொல் உங்கள் பதிவில் இருந்தால் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

அடிவாரத்து சூப்பர்வைசர் · 13-01-2025, 22:10

எல்லாருக்கும் நன்றி. ராக்காவல் அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. "பூட்டப்படாமல்" என்று எழுதும்போது அவருக்கு எதிராக எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்றைக்கு எதுவும் ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. வெள்ளைத் தாளில் கேள்விகளை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். சாவி 3 எது எது? கரண்ட் எப்போது? "2 மணி போல" என்றது போன் பார்த்தா, குத்துமதிப்பா? "மாடு" எது? பூட்டு எப்போது, எப்படி? டிரைவர் எப்போது சொன்னார்? டெம்போ நம்பர்? இன்னொன்று, டிவிஆரில் கரண்ட் போன நேரம் கிடைக்குமா? அதற்கு யூபிஎஸ் இல்லை.

ராக்காவல் · 13-01-2025, 22:31

"டிரைவர் எப்போது சொன்னார்" என்பதை முதலில் கேளுங்கள். "நேத்து" என்ற வார்த்தை அதில்தான் தொங்குகிறது. செவ்வாய் இரவு டூட்டி மாறும்போது சொல்லியிருந்தால் நேற்று என்பது திங்கள். புதன் காலையில் சொல்லியிருந்தால் செவ்வாய். முதல் கணக்கில் வேறொரு இரவும் உள்ளே வந்துவிடும்.

முன்னாள் ஹவில்தார் · 14-01-2025, 08:05

பொங்கல் வாழ்த்துகள். டிவிஆருக்கு யூபிஎஸ் இல்லை என்றால் கரண்ட் போன நேரம் பதிவில் இடைவெளியாகத் தெரியும். ஆனால் அதன் கடிகாரத்தை நம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். போனில் நொடியோடு நேரம் காட்ட வைத்து, ஒரு கேமரா முன்னால் பிடித்துப் பதிவாக்குங்கள். எத்தனை நிமிடம் முன்னே பின்னே என்று தெரிந்துவிடும். உள் பேட்டரி போயிருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதியே பழைய வருடத்துக்கு ஓடியிருக்கும், அதையும் பாருங்கள். பழைய பதிவுகள் அழிந்து மேலெழுதுவதற்கு முன் அந்த வாரத்தைப் பிரதி எடுத்துவிடுங்கள், இது அவசரம். கிடைக்கும் நேரத்தைக் காவலர் வரிக்குள் நுழைக்காதீர்கள். "டிவிஆரின்படி" என்று தனி வரி.

அடிவாரத்து சூப்பர்வைசர் · 19-01-2025, 19:26

காவலர் 17 மாலை வந்தார். அவருக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன் என்று சொன்ன பிறகு நிதானமாக ஒரு மணி நேரம் பேசினார். டிவிஆர் 11 நிமிடம் வேகமாக ஓடுகிறது, தேதி சரியாக இருக்கிறது. ரிஜிஸ்டரில் ஏறியது:

> தாமதப் பதிவு. எழுதிய நாள் 17-01-2025 வெள்ளி, 18:40. காவலரின் கைநோட்டைப் பார்த்தும் அவரிடம் கேட்டும் சூப்பர்வைசர் எழுதியது. 17 அன்று காவலர் சொல்லிச் சேர்த்தவை "பின்னர் சொன்னது" எனக் குறிக்கப்பட்டுள்ளன.
>
> 07-01-2025 செவ்வாய்
> 20:20 போல: பகல் காவலரிடம் இருந்து பொறுப்பு ஏற்றேன் (நேரம் பின்னர் சொன்னது). 3 சாவிகள் பெற்றேன். முன் கேட், பின் கேட், குடோன் (எவை என்பது பின்னர் சொன்னது).
> மின்சாரம் நின்று வந்தது. நேரம் நோட்டில் இல்லை, நினைவில்லை என்கிறார்.
> டிவிஆரின்படி: பதிவு 23:16 முதல் 23:49 வரை இல்லை. 11 நிமிட வேகத்தைக் கழித்தால் 23:05 முதல் 23:38. இது சூப்பர்வைசர் பார்த்தது.
>
> 08-01-2025 புதன்
> 02:00 போல: நாய் குரைத்தது. களத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆளோ விலங்கோ காணவில்லை. "மாடு போயிருக்கும்" என்று நினைத்தேன் (காட்டுமாட்டைச் சொன்னேன் என்பது பின்னர் சொன்னது).
> அதே சுற்றில் (பின்னர் சொன்னது): பின் கேட் பூட்டு கொண்டியில் மாட்டி, அழுத்தாமல் தொங்கியது. கேட் சாத்தியிருந்தது (பின்னர் சொன்னது). நான் பூட்டினேன்.
> 06:30 போல (பின்னர் சொன்னது): "நேத்தே அப்படித்தான் இருந்துச்சு" என்று டிரைவர் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை.
> காலை: வெள்ளை டெம்போ வந்து போனது. நேரமும் வண்டி எண்ணும் குறிக்கவில்லை. நான் முன் கேட்டில் இருந்தேன், அங்கிருந்து களம் தெரியாது (பின்னர் சொன்னது). லோடு ஏற்றுவதை நான் பார்க்கவில்லை.
>
> வாசித்துக் காட்டினேன், சரி என்றார். காவலர் கையொப்பம், சூப்பர்வைசர் கையொப்பம், 17-01-2025.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "லோடு ஏத்தல" என்பதை நான் "லோடு ஏற்றப்படவில்லை" என்று எழுதியிருந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, "நான் பாக்கல சார், போகும்போது தார்ப்பாய் போட்டிருந்துச்சு" என்றார். தார்ப்பாய் நோட்டில் இல்லை, அதையும் "பின்னர் சொன்னது" என்று தனி வரியாகச் சேர்த்து, மறுபடி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். நான் முதலில் எழுதியபடி போயிருந்தால் அந்த டெம்போவுக்கு நானே நற்சான்று கொடுத்திருப்பேன்.

ஒன்று முடியவில்லை. டிரைவரைக் கேட்டால், "நேத்து" என்று தான் சொல்லவில்லை, "முந்தாநாள்" என்றுதான் சொன்னேன் என்கிறார். அப்படியென்றால் 06-01-2025 திங்கள். காவலர் "நேத்து" என்பதில் உறுதியாக இருக்கிறார். எதைப் போடுவது?

முன்னாள் ஹவில்தார் · 19-01-2025, 20:11

இரண்டையும் போடுங்கள். காவலர் வரியைத் தொடாதீர்கள். டிரைவர் இன்று சொன்னதை இன்றைய தேதியில், அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு புதிய பதிவாக எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது ரிஜிஸ்டர் எழுதுகிறவன் வேலை இல்லை.

கோர்ட் பக்கம் · 19-01-2025, 21:02

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. டிரைவர் வாக்குமூலத்தைச் சைட் ரிஜிஸ்டரில் எழுதுவதைவிடத் தனித்தாளில் வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிடுவது நல்லது. அவர் உங்கள் ஏஜென்சி ஆள் இல்லை. ரிஜிஸ்டரில் "பார்க்க: டிரைவர் கூற்று, 19-01-2025" என்ற குறிப்பு மட்டும் போதும்.

ராக்காவல் · 19-01-2025, 23:47

தனித்தாள் தொலைந்துபோகும் சார். எங்கள் சைட்டில் அப்படி ஒன்று தொலைந்துதான் என் கூட இருந்தவர் ஆறு மாதம் அலைந்தார். ரிஜிஸ்டரிலேயே எழுதுங்கள்.

சூப்பர்வைசர் தம்பி, மற்ற ஆறு இரவுக்கும் இதே கேள்வித்தாளை வைத்து அவரைக் கேளுங்கள், ஆனால் ஒரே உட்காரலில் வேண்டாம். நைட் டூட்டி முடித்து வந்த காலையில் வேண்டவே வேண்டாம்.

அடிவாரத்து சூப்பர்வைசர் · 20-01-2025, 07:18

சரிங்க அண்ணா. நாளைக்கு அவருக்கு வீக்லி ஆஃப், மதியம் சாப்பிட்ட பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். திங்கள் இரவு நோட்டில் இருந்து தொடங்குகிறேன். பின் கேட்டைப் பற்றி அன்றைக்கு ஒரு வரியும் இல்லை. இழுத்துப் பார்த்தாரா, இல்லையா என்று கேட்க வேண்டும்.